விழாதவனுக்கும் ஆசி உண்டா?

காலில் விழுவது பண்பாடா, அடிமைத்தனமா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. விடை விழுகிறவரின் பணிவிலும் இல்லை, வாங்கிக்கொள்கிறவரின் பெருமையிலும் இல்லை. விழாமல் நின்றவருக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது.

தாலி கட்டி முடிந்ததும் மணமக்களைப் பெரியவர்கள் காலில் விழச் சொல்கிறார்கள். தாத்தா பாட்டி, பெரியப்பா பெரியம்மா, தாய்மாமன், அத்தை என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொருவரும் அட்சதையைத் தூவி, திருநீற்றை நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் கையை மறைத்து ஊதிவிட்டு, “நல்லா இருங்கப்பா” என்கிறார்கள். அதே ஊரில் அதே நாளில் ஒரு கட்சி அலுவலகத்தில், புதிதாகப் பொறுப்பு கிடைத்தவர் தலைவரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். உடம்பு செய்யும் காரியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முதலாவதைப் பார்த்து நெகிழ்கிற நாம் இரண்டாவதைப் பார்த்துக் கூசுகிறோம். தாத்தா அதற்குத் தகுதியானவர், தலைவர் தகுதியில்லாதவர் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் குடித்துவிட்டு ஊரைக் கூட்டும் பெரியப்பாவின் காலிலும் மணமக்கள் விழத்தான் செய்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் கூசுவதில்லை. நேர்மையான தலைவரின் காலில் ஒருவர் விழுந்தாலும் கூச்சம் போவதில்லை. ஆகவே தகுதியை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. மணமகளுக்கு முதுகு வலி என்றால், “நின்னுக்கிட்டே கும்பிட்டா போதும்மா” என்று பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அட்சதை அப்போதும் விழும். கட்சி அலுவலகத்தில் எல்லோரும் விழுந்தபோது ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அதை யாரோ குறித்துவைத்துக்கொள்வார்கள். நம்முடைய நெகிழ்ச்சிக்கும் கூச்சத்துக்கும் காரணம் இந்த வேறுபாடுதான்.

விழுந்து வணங்குவதே நம் மரபு, மற்றதெல்லாம் இடையில் வந்த சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. மரபு நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைவப் பிள்ளைகளுக்காக ஆறுமுக நாவலர் எழுதிய சைவ வினாவிடை நமஸ்காரத்தை வகை பிரித்தே சொல்கிறது. தலை, இரு கை, இரு செவி, மோவாய், இரு புயம் என எட்டு உறுப்பும் நிலத்தில் பட வணங்குவது அட்டாங்கம். அது ஆண்களுக்கு உரியது. தலை, இரு கை, இரு முழந்தாள் என ஐந்து உறுப்பு பட வணங்குவது பஞ்சாங்கம். அது பெண்களுக்கு உரியது. இரு கைகளையும் தலைமேல் குவித்து வணங்குவது திரியாங்கம். கடைசியாகச் சொன்ன வணக்கத்தில் நிலத்தைத் தொட வேண்டிய வேலையே இல்லை, நின்றபடி செய்யலாம். அதுவும் முழு நமஸ்காரமாகவே எண்ணப்பட்டது, குறைபட்ட வணக்கமாகக் கருதப்படவில்லை. இவ்வளவும் கடவுளுக்குச் செய்யும் வணக்கத்துக்கான பாகுபாடு. இறைவன் முன்னாலேயே நின்று கும்பிட இடமிருக்கும்போது, மனிதர் முன்னால் அந்த இடம் இல்லை என்பதை மரபின் பேரால் சொல்ல முடியாது.

விழக்கூடாத இடங்களையும் அதே மரபு வரையறுத்து வைத்திருக்கிறது. கோயிலில் விழுந்து வணங்கும் இடம் கொடிமரத்தின் அடி; உள்ளே ஒவ்வொரு சந்நிதியிலும் விழுவதில்லை. கோயிலுக்குள் மனிதர் காலில் விழுவதும் கூடாது. அங்கே வணங்கத்தக்கவர் ஒருவர்தான். படுத்திருப்பவரை விழுந்து வணங்குவதில்லை. தீட்டுக் காலத்தில் வணங்குவதும் இல்லை, ஆசி வாங்குவதும் இல்லை. தொட வேண்டும் என்ற கட்டாயமும் தமிழ்நாட்டு வழக்கில் கிடையாது. எட்ட நின்று, நிலத்தில் விழுந்து எழுந்தால் போதும். குனிந்து பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வடநாட்டில் அன்றாட வழக்கம். இங்கே அது ஒரு வகை மட்டுமே.

வாங்கிக்கொள்கிறவருக்கு இருந்த கடமையைத்தான் நாம் அடியோடு மறந்துவிட்டோம். மனுஸ்மிருதி பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த நூல். அதை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை. ஆனால் குருவின் வலப் பாதத்தை வலக் கையாலும் இடப் பாதத்தை இடக் கையாலும் கைகளைக் குறுக்காக வைத்துத் தொட வேண்டும் என்று விதித்த அதே நூல், வணக்கத்துக்கு முறைப்படி மறுமொழி சொல்லத் தெரியாதவரை வணங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இளவயதுக் குருபத்தினியை, இருபது வயது நிரம்பிய மாணவன் காலைத் தொட்டு வணங்கக் கூடாது என்றும் தடுக்கிறது. அதிகாரத்துக்காகவே எழுதப்பட்ட நூல்கூட இந்தச் செயலை ஒருவழிப் பாதையாக விடவில்லை. விழுகிறவருக்கு ஒரு கடமை, எழுப்புகிறவருக்கு ஒரு கடமை; அதற்கு மேல் உடல் தொடுகைக்கு ஒரு வரம்பு. கைப்பேசியைப் பார்த்தபடியே காலை நீட்டிக் காட்டும் பெரியவர், பழைய கணக்கிலேயே வணக்கத்துக்கு உரியவர் இல்லை.

ஆசிரியர் விஷயத்தில் தமிழ் மரபு என்ன கேட்டது என்பதை நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பார்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, நேரத்துக்குப் போக வேண்டும், வழிபாட்டில் சலிக்கக் கூடாது, ஆசிரியரின் குறிப்பறிந்து நடக்க வேண்டும், இரு என்றால் இருந்து சொல் என்றால் சொல்லி, தாகத்தோடு கேட்டதை மனத்தில் இருத்த வேண்டும் என்று அடுக்குகிறார். வழிபாடு என்ற ஒன்று அதில் இருக்கிறது. மற்றவை எல்லாம் கேட்பது, கவனிப்பது, மறவாமல் இருப்பது பற்றியவை. ஆசிரியரும் தப்பவில்லை. எப்படிப்பட்டவர் ஆசிரியராகத் தகுதியற்றவர் என்பதற்கும் அங்கேயே இலக்கணம் இருக்கிறது. ஆசிரியரை உயர்த்திய நூல், உயர்த்தத் தகாத ஆசிரியரையும் மாணவனுக்கு அடையாளம் காட்டிவிட்டே பாடத்துக்குப் போகிறது.

நடன வகுப்பில் இன்றும் இது கண்ணெதிரே நடக்கிறது. பரதநாட்டிய மாணவி வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தட்டிக்கும்பிடுகிறாள். காலைத் தட்டி, அமர்ந்து, மிதிக்கப்போகும் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறாள். பிறகு எழுந்து தலைக்கு மேல் கை குவித்தால் கடவுளுக்கு, நெற்றிக்கு நேரே குவித்தால் குருவுக்கு, மார்புக்கு நேரே குவித்தால் சபைக்கு. குரு பக்தியையே மூச்சாகக் கொண்ட கலையில், குருவுக்கான அன்றாட வணக்கம் நின்றபடி கை குவிப்பதில் முடிந்துவிடுகிறது. காலில் விழுவது சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. குரு சலங்கையை எடுத்துக் கையில் கொடுக்கும் கணத்தில் மாணவி விழுகிறாள். பல ஆண்டுப் பயிற்சி முடிந்து ஒரு படி ஏறுகிறாள் என்பதை அந்த ஒரு முறை அறிவிக்கிறது. நாள்தோறும் விழுந்தால் அந்த அறிவிப்புக்குப் பொருள் இருக்காது.

கட்டாயம் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்த நாட்டு மன்னர் ஐந்தாம் ராமர், அதாவது சுலாலங்கோர்ன், 1873-இல் முடிசூட்டு விழாவின்போது, மன்னர் முன் விழுந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார். அது ஒடுக்குமுறையின் அடையாளம் என்றும், இனி நின்று தலை வணங்கினால் போதும் என்றும் ஆணையிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில், பிற்காலத்தில், புது மாணவர்கள் அவர் சிலை முன்னாலேயே விழுந்து உறுதிமொழி எடுக்கும் சடங்கு வந்து சேர்ந்தது. 2017 ஆகஸ்ட் 3 அன்று அந்தச் சடங்கு நடந்தபோது, மாணவர் பேரவைத் தலைவர் நெதிவித் சோதிபத்பைசாலும் சில தோழர்களும் விழவில்லை. சிலைக்கு நின்றபடி தலை வணங்கிவிட்டு வெளியேறினார்கள். மன்னர் 1873-இல் எதைக் கேட்டாரோ, அதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆனால் பேராசிரியர் ஒருவர் அந்த மாணவர்களில் ஒருவரின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து இழுத்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. சில வாரங்களில் நன்னடத்தை மதிப்பெண் குறைக்கப்பட்டு, நெதிவித் பேரவைப் பொறுப்பை இழந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாணவர்கள் வணங்க மறுக்கவில்லை என்பது. வணங்கினார்கள், வேறு வடிவத்தில் வணங்கினார்கள். தண்டனை வணங்காததற்கு என்றால் அது செல்லாது. ஆக, மற்றவர்களைப் போல் வணங்காததற்கே தண்டனை. அந்தக் கணத்தில் சடங்கு மன்னரை விட்டு நகர்ந்து, நிர்வாகத்தின் சொல்லுக்கு யார் அடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வருகைப் பதிவாக ஆகிவிட்டது. அங்கே அன்று விழுந்த நூற்றுக்கணக்கான மாணவர்களில் பலர் உள்ளன்போடுதான் விழுந்திருப்பார்கள். ஆனால் யார் அன்போடு விழுந்தார், யார் அஞ்சி விழுந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கட்டாயம், மறுப்பவரை மட்டும் வதைப்பதில்லை; மனமுவந்து செய்தவரின் மரியாதையையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது.

பக்கத்து மாநிலத்திலும் இந்தக் கேள்வி வந்தது. 2025 ஜூலையில், குரு பூர்ணிமையை ஒட்டிக் கேரளத்தில் காசர்கோடு உள்ளிட்ட இடங்களில் சில தனியார் பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் காலைக் கழுவிப் பாத பூஜை செய்த படங்கள் வெளியாயின. மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்குப் பதிந்தது. கல்வி அமைச்சர் விளக்கம் கேட்டார். குரு வணக்கம் நம் பண்பாடு என்று ஆளுநர் ஆதரித்தார். பண்பாடு என்பதிலும் உண்மை இருக்கிறது, உரிமை என்பதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வரிசையில் அமர்ந்த பத்து வயதுப் பிள்ளை, “எனக்கு வேண்டாம், டீச்சர்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வகுப்பறையில் மதிப்பெண் போடுகிறவரும், நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருப்பவரும் ஒருவரேயாக இருக்கும்போது, பிள்ளையின் சம்மதத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்? அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசமைப்பின் 28-ஆம் பிரிவு. ஓரிறைவனைத் தவிர யாருக்கும் நெற்றியை நிலத்தில் வைக்காத முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் சட்டக் கேள்வி இல்லை. நேரடியான மனச் சங்கடம்.

நின்றாலே மரியாதைதான் என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1986-இலேயே சொல்லிவிட்டது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள், பள்ளியில் தேசிய கீதம் ஒலித்தபோது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், அமைதியாக எழுந்து நிற்பது அவமதிப்பு ஆகாது என்று நீதிமன்றம் முடிவு செய்து, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. தேசிய கீதத்துக்கே மரியாதையின் வடிவம் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம் என்றால், ஆசிரியருக்கு மட்டும் ஒற்றை வடிவம்தான் என்று வாதிடுவது கடினம்.

இந்தச் செயலின் இன்னொரு முனையைத் தமிழ்நாடு நன்றாகவே பார்த்திருக்கிறது. 2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் கிராமத்தில், ஊரடங்கு நேரத்தில் கோயில் விழா நடத்தியதற்காகத் தலித் முதியவர்கள் மூவரை ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழ வைத்தார்கள். விழுந்தவர்கள் முதியவர்கள், வயதுக்கு மரியாதை என்று நாம் சொல்லும் வழக்கம் அங்கே தலைகீழாகக் கிடந்தது. அமைச்சர்கள் பதவியேற்பு மேடையிலேயே ஜெயலலிதாவின் காலில் விழுந்ததும் நாடறிந்தது. 2017-இன் தொடக்கத்தில் திமுக செயல் தலைவரானபோது மு.க. ஸ்டாலின், தன் காலில் விழ வேண்டாம், வணக்கம் சொன்னால் போதும் என்று கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். ஒரு தலைவர் வாய்விட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது. ஒட்டனந்தலில் நடந்தது குற்றம். பதவியேற்பு மேடையில் நடந்தது குற்றம் இல்லை. ஆனாலும் இரண்டிலும், விழாமல் இருந்தால் என்ன என்ற கேள்விக்கு விழுந்தவர்களுக்கு நன்றாக விடை தெரிந்திருந்தது.

இங்கே ஒரு தரப்பு குறுக்கிட்டு, அப்படியானால் அடியோடு ஒழித்துவிடலாமே என்று கேட்கும். ஒரு மனிதரின் காலில் இன்னொரு மனிதரின் தலை பட வேண்டிய தேவை என்ன? சாதியும் ஆணாதிக்கமும் உடம்பில் எழுதிய பாடம் இல்லையா இது? சுயமரியாதை இயக்கம் எழுப்பிய இந்தக் கேள்விக்கு வலு உண்டு. புரோகிதர் இல்லாத திருமணத்தை 1967-இல் சட்டம் ஏற்கச் செய்த மாநிலம் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சட்டம் செய்ததைப் பாருங்கள். புரோகிதரை வைத்து மணம் செய்வதை அது தடை செய்யவில்லை. அவர் இல்லாமலும் மணம் செல்லும் என்றது. கட்டாயத்தை எடுத்துவிட்டு வழக்கத்தை மக்கள் கையில் விட்டது. தேர்வுக்குப் போகும் பிள்ளை பாட்டியிடம் போய், “துன்னூறு பூசிவிடு ஆத்தா” என்று குனிவதில் சாதியும் இல்லை, பதவியும் இல்லை. அதைப் பிடுங்குவதால் யாருடைய தன்மானமும் கூடிவிடாது.

எதிர்த் தரப்பின் வாதம் இன்னும் கூர்மையானது. விருப்பம் போல் என்று விட்டுவிட்டால் அடுத்த தலைமுறையில் யாரும் குனிய மாட்டார்கள். பணிவு உடம்புக்குப் பழகினால்தான் மனத்துக்கு வரும் என்பார்கள். பழக்கம் மனத்தை வளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பழக்கம் எதைக் கற்றுத்தருகிறது என்று பார்க்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சிக் குனியப் பழகிய பிள்ளை, வலியவர் எவர் வந்தாலும் குனியக் கற்றுக்கொள்கிறது. எளியவர் வந்தால் தன் காலை நீட்டவும் கற்றுக்கொள்கிறது. கலைப் பயிற்சியில் இதன் ஆபத்து கூடுதல். அங்கே குருவின் சொல்லை மீறினால் மேடையே கிடைக்காது. 2018-இல் மீ டூ புகார்கள் எழுந்தபோது சென்னை மியூசிக் அகாடமி சில கலைஞர்களை அந்த ஆண்டுக் கச்சேரிப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. காலில் விழுவதால் அத்துமீறல் நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லாத உறவில், அத்துமீறலை எதிர்க்கும் ‘வேண்டாம்’ எங்கிருந்து வரும்? வணக்கத்தில் மறுப்புக்கு இடம் வைப்பது, மற்றவற்றிலும் மறுக்கலாம் என்று மாணவருக்குச் சொல்லாமல் சொல்வது.

அப்படியானால் நடைமுறை எப்படி இருக்கலாம்? திருமண மேடை, அரங்கேற்றம், அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், விஜயதசமியன்று எழுத்தறிவிக்கும் நேரம், தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடித்துப் புதுத்துணி உடுத்தும் வேளை: இங்கெல்லாம் விழுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முடியாதவர், விரும்பாதவர், வேறு சமயத்தவர் கை குவித்துத் தலை தாழ்த்தினால் அதை முழு வணக்கமாக ஏற்பது பெரியவர்களின் கடமை. பழைய ஆசிரியரைத் தெருவிலோ விழாவிலோ பார்க்கும்போது விழுவது முழுக்க விருப்பம். அவர் முகத்தைப் பார்த்துச் செய்யலாம். “வேண்டாம்ப்பா” என்று வாய் சொன்னாலும் கை ஆசி தர உயர்ந்தால் அது கூச்சம். கை முன்னால் நீண்டு தோளைப் பிடித்து நிறுத்தினால், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டால், அது உண்மையான மறுப்பு. வலுக்கட்டாயமாக விழுவதும் அவமரியாதைதான். பள்ளியின் காலை வழிபாடு, அலுவலகம், அரசு மேடை, கட்சி மேடை ஆகியவற்றில் இதற்கு இடமே கூடாது. அங்கே மேலே இருப்பவர் கையில் மதிப்பெண்ணோ சம்பளமோ பதவியோ இருக்கிறது. சம்மதத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

முடிவெடுக்க வேண்டியவர்கள் இளையவர்கள் என்றே இதுவரை பேசி வந்திருக்கிறோம். விழலாமா, வேண்டாமா என்ற தத்தளிப்பு அவர்களுடையது என்று நினைக்கிறோம். உண்மையில் சாவி வாங்கிக்கொள்கிறவர் கையில் இருக்கிறது. நடன ஆசிரியர் சலங்கை பூஜைக்கு முந்தைய வகுப்பிலேயே, “விழணும்னு இல்ல, கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணுதான்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம். மேடையில் நின்றபடி கும்பிட்ட மருமகளின் நெற்றியிலும் மாமனார் அதே அளவு திருநீற்றைப் பூசலாம். அதன் பிறகும் பலர் விழத்தான் செய்வார்கள். அவர்கள் விழுவதை அன்று முதல் சந்தேகம் இல்லாமல் மரியாதை என்று அழைக்கலாம்.